வெற்றிடத்தில் குழியும் இல்லை, குன்றும் இல்லை: ஒரு சராசரியின் வரலாறு

ஒரு கனசதுரத்தின் எட்டு முனைகளிலும் சமமான எட்டு நேர் மின்னூட்டங்களை அசையாமல் பொருத்திவிடுவோம். நடு மையத்தில் இன்னொரு சிறு நேர் மின்னூட்டத்தை வைப்போம். எட்டுத் திக்கிலிருந்தும் அது சமமாகத் தள்ளப்படுகிறது. ஆகவே மையத்தில் விசை இல்லை. இப்போது அதைச் சற்றே நகர்த்தினால் என்ன ஆகும்? எந்த முனையை நெருங்கினாலும் அந்த முனை அதைத் திருப்பித் தள்ளும் அல்லவா, ஆகவே அது மையத்துக்கே திரும்பிவிடும் என்பதுதான் முதுகலை மாணவர்களிடமிருந்தும் பெரும்பாலும் கிடைக்கும் பதில். எட்டுக் காவலர் சூழ்ந்த சிறை போல அது தோன்றுகிறது.

விடை நேர்மாறானது. அந்த மின்னூட்டம் அங்கே நில்லாது. எட்டுக்குப் பதிலாக எண்பது மின்னூட்டங்களைச் சுற்றி அடுக்கினாலும், எந்த வடிவில் அடுக்கினாலும், அவை அசையாமல் இருக்கும்வரை அதைச் சிறைப்பிடிக்க இயலாது. இதற்கான காரணம் 1839, 1840 ஆகிய இரு ஆண்டுகளுக்குள், இரு வேறு ஊர்களில், இரு வேறு நோக்கங்களுக்காக எழுதப்பட்டது. ஒன்றை எழுதியவர் கோட்டிங்கனில் இருந்த காஸ். மற்றொன்றை எழுதியவர் கேம்பிரிட்ஜில் கற்று, பின்னாளில் திருச்சபைப் பணியில் வாழ்ந்த சாமுவேல் ஏர்ன்ஷா. இருவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் காஸின் வடிவம் ஏர்ன்ஷாவின் வடிவத்தைவிட ஒரு படி வலுவானது. பாடநூல்கள் இந்த வேறுபாட்டைப் பொதுவாகக் கடந்துபோய்விடுகின்றன. அந்த ஒரு படியைப் பற்றியதே இக்கட்டுரை.

காஸ் சொன்ன சராசரி

காஸ் அப்போது புவிக்காந்தத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வில்ஹெல்ம் வெபருடன் சேர்ந்து காந்தவியல் சங்கம் ஒன்றை நடத்தி, பல ஊர்களில் எடுக்கப்பட்ட காந்த அளவீடுகளைத் தொகுத்து வெளியிட்டு வந்தார். தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் இயங்கும் ஈர்ப்பு, விலக்கு விசைகள் யாவற்றுக்கும் பொதுவான தேற்றங்களை அத்தொகுப்பு வரிசையில் 1840இல் அச்சிட்டார். ஈர்ப்பு, மின்சாரம், காந்தம் ஆகிய மூன்றுக்கும் ஒரே கணிதம் போதும் என்பது அக்கட்டுரையின் அடிப்படை. ஒவ்வொரு மூலமும் தன்னிலிருந்து r தொலைவில் q/r என்ற மதிப்பைத் தருகிறது. எல்லா மூலங்களின் மதிப்புகளையும் கூட்டினால் அவ்விடத்தின் பொட்டன்சியல் கிடைக்கிறது. மின்சாரத்தில் அதை மின்னழுத்தம் என்கிறோம்.

காஸின் கூற்று இது: மின்னூட்டம் எதுவும் இல்லாத வெளியில் ஒரு கோளத்தைக் கற்பனை செய்க. அதன் பரப்பெங்கும் மின்னழுத்தத்தின் சராசரியைக் கணக்கிடுக. அச்சராசரி, கோளத்தின் மையத்தில் உள்ள மின்னழுத்தத்துக்குச் சரியாகச் சமம். தோராயமாக அன்று, சிறிய கோளத்துக்கு மட்டும் அன்று. உள்ளே மூலம் எதுவும் அகப்படாத எந்த அளவுக் கோளத்துக்கும் இது முழு உண்மை.

இதை மெய்ப்பிக்க நுண்கணிதம்கூடத் தேவையில்லை. நியூட்டன் 1687இலேயே நிறுவிய ஒன்று போதும்: சீராகப் பொருள் பரவிய கோள ஓடு, தனக்கு வெளியே உள்ள எதன்மீதும், தன் முழுப் பொருளும் மையத்தில் குவிந்திருந்தால் எப்படியோ அப்படியே செயல்படும். இனி, நம் கற்பனைக் கோளத்துக்கு வெளியே ஒரே ஒரு மின்னூட்டம் q இருப்பதாகக் கொள்வோம். கோளப் பரப்பில் q உண்டாக்கும் மின்னழுத்தத்தின் சராசரி நமக்கு வேண்டும். அதாவது, பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் q-வுக்கும் இடையிலான தொலைவின் தலைகீழியைச் சராசரி செய்ய வேண்டும். ஆனால் தொலைவு இருவருக்கும் பொது. இங்கிருந்து அங்கே எவ்வளவோ, அங்கிருந்து இங்கேயும் அவ்வளவே. ஆகவே அதே கூட்டலைத் திருப்பிப் படிக்கலாம்: ஓரலகு மின்னூட்டத்தைக் கோளப் பரப்பில் சீராகப் பூசினால், q இருக்கும் இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம் உண்டாகும்? நியூட்டனின் ஓடு விடை தருகிறது: அந்த ஓரலகும் மையத்தில் இருந்ததைப் போலவே. அப்படியானால் நாம் தேடிய சராசரி, q-வை மையத்திலிருந்து பிரிக்கும் தொலைவின் தலைகீழியை q-வால் பெருக்கியது. அதாவது மையத்தில் q தரும் மின்னழுத்தமேதான். மூலங்கள் பல இருந்தால் ஒவ்வொன்றுக்கும் இதுவே பொருந்தும்; கூட்டினாலும் பொருந்தும்.

மெய்ப்பு எங்கே நிபந்தனையை நம்புகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மூலம் கோளத்துக்கு உள்ளே இருந்தால் ஓட்டின் விதி மாறிவிடும். ஓட்டின் உட்புறத்தில் எங்கே நின்றாலும் மின்னழுத்தம் ஒன்றே. ஆகவே R ஆரமுள்ள கோளத்தின் உள்ளே எங்கே இருந்தாலும் q தரும் பரப்புச் சராசரி q/R என்பதே. மையத்தில் உள்ள மதிப்புக்கு அது சமமாவதில்லை. "வெற்றிடம்" என்ற சொல் இத்தேற்றத்தில் அலங்காரம் அன்று. அதுவே இதன் முதுகெலும்பு.

சராசரியிலிருந்து பெருமமும் சிறுமமும்

ஒரு வகுப்பில் எல்லோருடைய மதிப்பெண்ணும் எழுபதுக்கு மேல் என்றால் சராசரி எழுபதாக இருக்க முடியாது. மின்னழுத்தத்தைப் பற்றிய முடிவும் இவ்வளவு எளிய தருக்கத்தில்தான் நிற்கிறது. வெற்றிடத்தில் ஒரு புள்ளியில் மின்னழுத்தம் சிறுமம் என்று கொள்வோம். அதாவது சுற்றிலும் எத்திசையில் நகர்ந்தாலும் அது கூடுகிறது. அப்புள்ளியை மையமாகக் கொண்ட சிறு கோளத்தின் பரப்பெங்கும் மதிப்பு மையத்தைவிடக் கூடுதல். ஆகவே சராசரியும் கூடுதல். ஆனால் சராசரி மையத்துக்குச் சமம் என்பது காஸின் தேற்றம். முரண். பெருமத்துக்கும் இதே வாதம், குறி மட்டும் மாறும்.

ஒரே ஒரு தப்பும் வழி உண்டு: கோளப் பரப்பில் எல்லா மதிப்பும் மையத்துக்குச் சமமாகவே இருக்கலாம். அப்போது அப்பகுதியில் மின்னழுத்தம் மாறிலி. விசை என்பதே இல்லை. சீராக மின்னூட்டப்பட்ட உள்ளீடற்ற கோளத்தின் உட்புறம் இப்படிப்பட்டது. அங்கே வைத்த மின்னூட்டம் வைத்த இடத்தில் இருக்கும். நகர்த்தினால் நகர்ந்த இடத்தில் இருக்கும். இது நடுநிலைச் சமநிலை, உறுதிச் சமநிலை அன்று. அக்கட்டுரையில் காஸ் இதற்கும் மேலே சென்றார்: தொடர்ச்சியான வெற்றிடத்தின் ஒரு சிறு பகுதியில் பொட்டன்சியல் மாறிலி என்றால், அவ்வெற்றிடம் முழுவதிலும் அது அதே மாறிலிதான்.

ஆக, வெற்றிடத்தின் மின்னழுத்த நிலப்படத்தில் குன்றுகளும் இல்லை, குழிகளும் இல்லை. கணவாய்கள் மட்டுமே உண்டு. ஒரு திசையில் ஏறும் இடத்தில் வேறொரு திசையில் இறங்கியாக வேண்டும். குன்றின் உச்சியும் குழியின் அடியும் எங்கேயாவது இருந்தால், அவை மின்னூட்டங்களின் மேலோ கடத்திகளின் பரப்பிலோதான் இருக்கும்.

ஈதருக்காகப் பிறந்த தேற்றம்

ஏர்ன்ஷா 1805இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். 1831இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். 1839இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் வாசிக்கப்பட்டு 1842இல் அச்சான அவருடைய கட்டுரையின் பொருள் மின்சாரமே அன்று. ஒளியைச் சுமக்கும் ஈதர் எந்த விசையால் கட்டுண்டிருக்கிறது என்பதுதான் அவர் கேள்வி. அக்காலத்தில் ஈதரை நுண்துகள்களின் அடுக்காகக் கருதி, ஒளியை அத்துகள்களின் அதிர்வாக விளக்கும் முயற்சி வலுவாக இருந்தது. பிரான்சில் கோஷி அதில் முன்னணியில் நின்றார். ஒரு துகள் அதிர வேண்டுமானால், இடம்பெயர்ந்தபின் பழைய இடத்துக்கு இழுக்கப்பட வேண்டும். எல்லாத் திசையிலும் இழுக்கப்பட வேண்டும். அப்படியொரு மீள்விசையை நியூட்டனின் எதிர்விகித இருமடி விதி தர முடியுமா?

முடியாது என்று அவர் காட்டினார். லாப்லாஸ் 1780களில் வெளியிட்ட சமன்பாட்டின்படி, மூலம் இல்லாத இடத்தில் பொட்டன்சியலின் மூன்று இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை சுழி:

∂²V/∂x² + ∂²V/∂y² + ∂²V/∂z² = 0

உறுதிச் சமநிலைக்கு மூன்றும் ஒரே குறியில் இருக்க வேண்டும். கூட்டுத்தொகை சுழி என்பதால் அது நடவாது. ஒன்று மீட்டால் இன்னொன்று விரட்டும். ஆகவே ஈதரின் துகள்கள் எதிர்விகித இருமடி விதிக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்பது அவர் முடிவு. ஈதர் பின்னாளில் இயற்பியலிலிருந்தே வெளியேறியது. அதற்காகப் பிறந்த தேற்றம் நிலைத்தது. 1873இல் மாக்ஸ்வெல் தம் மின்காந்தவியல் நூலில் அதை ஏர்ன்ஷாவின் பெயராலேயே மின்னூட்டங்களுக்குரிய தேற்றமாக எழுதினார். இன்று நாம் படிப்பது அந்த மாக்ஸ்வெல் வழி வந்த வடிவம்.

பாடநூல்களில் இன்றும் இடம்பெறுவது இரண்டாம் வகைக்கெழு வாதமே. அது அழகானது; ஆனால் அதில் ஓர் இடைவெளி இருக்கிறது. மூன்று எண்களின் கூட்டுத்தொகை சுழி என்றால் ஒன்று நேர், ஒன்று எதிர் என்று உடனே சொல்லிவிடுகிறோம். மூன்றுமே சுழியாக இருந்தால்? அப்போது இரண்டாம் வகைக்கெழுக்கள் எதையும் தீர்மானிப்பதில்லை. உதாரணமாக x⁴ + y⁴ + z⁴ என்ற சார்புக்கு ஆதியில் இரண்டாம் வகைக்கெழுக்கள் எல்லாம் சுழி. ஆயினும் அங்கே ஐயமற்ற சிறுமம் இருக்கிறது. இது லாப்லாஸ் சமன்பாட்டை எல்லா இடத்திலும் நிறைவுசெய்யும் சார்பு அன்று என்பது உண்மைதான். ஆனால் ஒரு புள்ளியில் மட்டும் இரண்டாம் வகைக்கெழுக்களைப் பார்க்கும் வாதத்தால் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்ள இயலாது. இந்த ஐயம் வெறும் கற்பனை அன்று. நாம் தொடங்கிய கனசதுரத்தின் மையம் அப்படிப்பட்ட புள்ளியேதான்.

கனசதுரத்தின் கணக்கு

கனசதுரத்தின் மூன்று அச்சுகளும் சமச்சீரானவை. ஆகவே மையத்தில் மூன்று இரண்டாம் வகைக்கெழுக்களும் ஒன்றுக்கொன்று சமம். அவற்றின் கூட்டுத்தொகை சுழி. ஆகவே ஒவ்வொன்றும் சுழி. எதிரொளிப்புச் சமச்சீரால் கலப்பு வகைக்கெழுக்களும் சுழி. பாடநூல் வாதம் இங்கே வாய்மூடிவிடுகிறது. சராசரித் தேற்றம் மட்டும் தயங்காமல் பேசுகிறது: சுற்றிலும் மதிப்பு கூடுமானால் சராசரி பொய்த்துவிடும், ஆகவே எங்கோ ஒரு வழி இறங்கியே தீரும்.

அது எந்த வழி? எண்களால் பார்ப்போம். கனசதுரத்தின் பாதிப் பக்கத்தை ஓரலகாகவும், ஒவ்வொரு மின்னூட்டத்தையும் ஓரலகாகவும் கொள்வோம். மையத்திலிருந்து ஒவ்வொரு முனையும் √3 தொலைவு. ஆகவே மையத்தில் மின்னழுத்தம் 8/√3, அதாவது 4.619. இனி ஒரு முகத்தின் நடுப்புள்ளிக்குச் செல்வோம். அம்முகத்தின் நான்கு முனைகள் √2 தொலைவிலும், எதிர்முகத்தின் நான்கு முனைகள் √6 தொலைவிலும் இருக்கின்றன. மின்னழுத்தம் 4/√2 + 4/√6, அதாவது 4.461. மையத்தைவிடக் குறைவு. வழி அகப்பட்டுவிட்டது. நேர் மின்னூட்டம் ஆறு முகங்களில் ஏதேனும் ஒன்றின் நடுவழியே வெளியேறும். காவலர் எட்டு மூலைகளில் நிற்கின்றனர். ஆறு வாயில்களும் திறந்தே கிடக்கின்றன.

சராசரி எப்படிச் சமன்செய்கிறது என்பதையும் காணலாம். மையத்தைச் சுற்றி 0.5 ஆரத்தில் ஒரு கோளம் வரைவோம். அதன்மேல், முகத்தை நோக்கிய புள்ளியில் மின்னழுத்தம் 4.607. விளிம்பின் நடுவை நோக்கிய புள்ளியில் 4.621. முனையை நோக்கிய புள்ளியில் 4.628. முகங்களை நோக்கிப் பள்ளம். விளிம்புகளையும் முனைகளையும் நோக்கி மேடு. கோளம் முழுவதும் சராசரி எடுத்தால் மேடும் பள்ளமும் ஒன்றையொன்று ஈடுசெய்து மீண்டும் 4.619 வந்துசேர்கிறது.

இந்த எண்களில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. பாதி வழி சென்றும் இறக்கம் 0.012 மட்டுமே, மைய மதிப்பில் ஏறத்தாழ கால் விழுக்காடு. மையத்திலிருந்து 0.1 தொலைவிலோ இறக்கம் 0.00002 அளவுதான். இறக்கம் தொலைவின் நான்காம் அடுக்கில் தொடங்குவதே இதற்குக் காரணம். மூன்று தசம இடங்களோடு கணக்கை நிறுத்தும் மாணவருக்கு மையத்தைச் சுற்றி எல்லாம் சமமாகவே தெரியும். சிறிது உராய்வு உள்ள ஆய்வுக்கருவியில் மின்னூட்டம் நிற்பது போலவும் தெரியலாம். இரண்டிலும் தெரிவது உறுதிச் சமநிலை அன்று. மிக மெதுவாக வெளிப்படும் உறுதியின்மை.

கணினியில் மின்னழுத்தத்தைக் கணக்கிடுவோருக்கும் இது ஒரு நேரடிச் சோதனையாகும். வலைப்புள்ளி ஒவ்வொன்றின் மதிப்பையும் அதன் ஆறு அண்டைப் புள்ளிகளின் சராசரியாகத் திரும்பத் திரும்ப மாற்றும் தளர்த்தல் முறை, காஸின் தேற்றத்தின் தோராய வடிவமே. கணக்கு முடிந்தபின் மின்னூட்டமற்ற உட்பகுதியில் எங்கேனும் ஒரு குன்றோ குழியோ தெரிந்தால், கணக்கு இன்னும் ஒருங்கவில்லை, அல்லது எல்லை நிபந்தனையில் பிழை, அல்லது மறந்துவிட்ட ஒரு மின்னூட்டம் அங்கே இருக்கிறது. நான்காவது விளக்கம் கிடையாது.

வெளி வெறுமையாக இல்லாதபோது

நிபந்தனை எவ்வளவு கூர்மையானது என்பதற்கு அணுவின் வரலாறே சான்று. லாப்லாஸின் சமன்பாடு பொருளின் உட்புறத்தில் செல்லாது என்று 1813இல் பாய்சான் காட்டினார். அங்கே வலப்பக்கம் சுழிக்குப் பதிலாக அவ்விடத்து அடர்த்தி வந்து அமர்கிறது. சராசரி இனி மையத்துக்குச் சமமாக வேண்டியதில்லை; குழிகள் தோன்றலாம். பூமியின் ஈர்ப்புப் பொட்டன்சியலுக்குப் பூமியின் மையத்தில் சிறுமம் இருப்பது இதனால்தான்.

1904இல் ஜே. ஜே. தாம்சன் முன்வைத்த அணு மாதிரியில் நேர் மின்னூட்டம் ஒரு கோளம் முழுவதும் சீராகப் பரவியிருந்தது. எலக்ட்ரான்கள் அதனுள் அமர்ந்திருந்தன. இன்று அம்மாதிரியை ஒரு வேடிக்கையாகக் கடந்துவிடுகிறோம். ஆனால் உறுதிச் சமநிலை என்ற கோணத்தில் அது மிகுந்த நியாயமுடையது. எலக்ட்ரான் இருக்கும் இடம் வெற்றிடம் அன்று, நேர் மின்னூட்டம் நிரம்பிய இடம். ஆகவே அங்கே குழி இருக்கலாம், எலக்ட்ரான் அதில் நிலைத்து நின்று அதிரலாம். சராசரித் தேற்றத்தின் தடை அதைத் தீண்டுவதில்லை.

1911இல் ரூதர்ஃபோர்டு அந்த நேர் மின்னூட்டம் முழுவதையும் ஒரு நுண்ணிய அணுக்கருவுக்குள் திரட்டியபோது, அணுவின் ஏனைய பகுதி வெற்றிடமாயிற்று. அக்கணமே காஸின் நிபந்தனை நிறைவேறிவிட்டது. எலக்ட்ரான்கள் அசையாமல் நிற்கும் அணு என்ற வாய்ப்பே ஒழிந்தது. அசைந்தால், அன்றைய மின்காந்தவியலின்படி அவை ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழந்து கருவில் விழ வேண்டும். நின்றாலும் அழிவு, சுற்றினாலும் அழிவு. 1913இல் போர் புதிய விதியொன்றை விதித்துத்தான் அணுவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. குவாண்டம் கோட்பாட்டின் வாயிலில் நின்ற இந்த இருதலைச் சிக்கலின் ஒரு தலை, கோளப் பரப்பின் மேல் எடுத்த அந்தச் சராசரியே.

தடுக்கப்படாத ஒரே கதவு

அப்படியானால் மிதக்கும் தவளையும், பொறியில் அகப்பட்ட அயனியும் எப்படி? இவை தேற்றத்துக்கு விதிவிலக்குகள் என்று எழுதப்படுவதுண்டு. விதிவிலக்கு என்பதைவிட, அதே சராசரி திறந்துவைத்த கதவு என்பதே பொருத்தம்.

மின்னழுத்தத்துக்குப் பதிலாகப் புலத்தின் வலிமையைப் பார்ப்போம். மூலமற்ற வெளியில், நிலையான காந்தப்புலத்தின் ஒவ்வொரு கூறும் தனித்தனியே சராசரித் தேற்றத்துக்குக் கட்டுப்பட்டது. ஒரு புள்ளியில் புலம் எத்திசையில் இருக்கிறதோ அத்திசைக் கூறை எடுத்துக்கொள்வோம். சுற்றியுள்ள கோளத்தில் அக்கூறின் சராசரி, மைய மதிப்புக்குச் சமம். ஆகவே கோளத்தின்மேல் ஏதேனும் ஓரிடத்திலாவது அக்கூறு மைய மதிப்புக்குக் குறையாமல் இருக்கும். புலத்தின் முழு வலிமை ஒரு கூறைவிடக் குறைய முடியாது. எனவே வலிமைக்கு வெற்றிடத்தில் தனிப் பெருமம் கிடையாது. ஆனால் சிறுமத்தை இவ்வாதம் தடுப்பதில்லை. எதிரெதிர்ப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துச் சுழியாகும் புள்ளியில் வலிமை சிறுமமே. சுழிக்குக் கீழே வலிமை என்று எதுவும் இல்லை. மின்னழுத்தத்துக்கு இரு கதவுகளும் அடைப்பு. புல வலிமைக்கு ஒன்று அடைப்பு, ஒன்று திறப்பு.

இரும்பு போன்றவை வலிய புலத்தை நாடுபவை. அவை நிற்கப் பெருமம் வேண்டும்; அது இல்லை. அசையாத காந்தங்களை மட்டும் கொண்டு இரும்புக் குண்டை எத்தொடுதலுமின்றி மிதக்கவிட இயலாததன் காரணம் இதுவே. டயாகாந்தப் பொருள்களோ புலத்தை விட்டு விலகுபவை. அவற்றுக்குச் சிறுமம் போதும்; அது கிடைக்கும். கூடவே வரும் புவியீர்ப்பின் நிலையாற்றல் உயரத்தோடு நேர்விகிதத்தில் கூடுவது. கோளத்தின்மேல் அதன் சராசரியும் மைய மதிப்பே. ஆகவே அது இந்தக் கணக்கைக் குலைப்பதில்லை. பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1847இலேயே இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தார். 1939இல் ஜெர்மனியில் பிரவுன்பெக் பிஸ்மத், கிராஃபைட் துணுக்குகளை மிதக்கவிட்டுக் காட்டினார். நீரும் வலுக்குறைந்த டயாகாந்தப் பொருளாதலால், ஆந்த்ரே கெய்மும் உடன்பணியாற்றியோரும் நெதர்லாந்தின் நைமேகனில் ஏறத்தாழ 16 டெஸ்லா புலத்தில் உயிருள்ள தவளையையே மிதக்கவிட்டனர். அதன் கோட்பாட்டை 1997இல் மைக்கேல் பெர்ரியுடன் சேர்ந்து கெய்ம் எழுதினார்.

அயனிக்கு இந்த வழி நேரடியாகக் கிட்டாது; மின்னூட்டம் உடையதாகையால் அது மின்னழுத்தத்துக்கே கட்டுப்பட்டது. 1950களில் பானில் வுல்ஃப்காங் பவுல் கண்ட உபாயம் புலத்தை நிலையாக வைக்காதிருப்பது. எந்தக் கணத்தில் படம்பிடித்தாலும் அவருடைய பொறியின் நடுவே இருப்பது கணவாய்தான். தேற்றம் ஒரு கணமும் மீறப்படுவதில்லை. ஆனால் ஏறும் திசையும் இறங்கும் திசையும் விரைந்து இடம்மாறிக்கொண்டே இருக்கின்றன. அயனி சிறிது நடுங்குகிறது. நடுக்கத்தைச் சராசரி செய்து பார்த்தால், அயனி உணரும் செயலுறு ஆற்றல் மின்புல வலிமையின் இருமடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. புல வலிமைக்குச் சிறுமம் தடையில்லை என்பதை மேலே கண்டோம். பொறியின் மையத்தில் புலம் சுழி. அயனி அங்கே தங்குகிறது. அதாவது தவளை நுழைந்த அதே கதவு வழியாகத்தான் அயனியும் நுழைகிறது. மாற்றம் மெதுவாக நிகழ்ந்தால் திசை திரும்புவதற்குள் அயனி கணவாயில் சரிந்து வெளியேறிவிடும். ஆகவே அதிர்வெண், மின்னழுத்தம், அயனியின் நிறை ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். இந்தக் கட்டுப்பாட்டையே அயனிகளை நிறைவாரியாகப் பிரிக்கும் கருவியாகவும் பவுல் மாற்றினார். 1989ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதியை அவரும் ஹான்ஸ் டெமெல்ட்டும் பகிர்ந்துகொண்டனர். மீதிப் பாதி நார்மன் ராம்சேக்குச் சென்றது.

இவ்வாதம் எங்கே நிற்கிறது என்பதையும் குறித்துவிட வேண்டும். லேசர் ஒளியின் குவியத்தில் மின்புல வலிமைக்குப் பெருமமே இருக்கிறது. ஒளிச்சாமணங்கள் அதைக் கொண்டு நுண்துகள்களைப் பிடிக்கின்றன. அங்கே ஆளுவது லாப்லாஸ் சமன்பாடு அன்று, அலைச் சமன்பாடு. அலைநீளத்தை ஒத்த தொலைவுகளில் புலத்தின் கூறுகள் சராசரித் தேற்றத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பவுலின் பொறி வானொலி அதிர்வெண்களில் இயங்குவது. அலைநீளம் பொறியைவிட மிகப் பெரிது. ஆகவே அங்கே ஒவ்வொரு கணத்திலும் லாப்லாஸே ஆள்கிறார்.

எனவே ஒரு பொருள் தொடுதலின்றி அந்தரத்தில் நிற்பதைக் காணும்போதெல்லாம் கேட்க வேண்டியவை மூன்று. அது நிற்கும் இடம் உண்மையில் மூலமற்றதா? புலம் உண்மையில் நிலையானதா? அப்பொருளின் ஆற்றல் பொட்டன்சியலைச் சார்ந்ததா, புல வலிமையைச் சார்ந்ததா? முதல் இரண்டுக்கும் ஆம், மூன்றாவதில் பொட்டன்சியல் என்று விடை வந்தால், அப்பொருள் அங்கே நிற்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலோ, ஒரு தாங்கியோ, ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றோ அதை நிறுத்திவைத்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதே அடுத்த வேலை.